ஒன்பது மணிச் சண்டைக்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு

கேள்வி:

என் மகளுக்கு 15 வயது. பள்ளி விட்டு வந்ததிலிருந்து கையில் போன்தான். கேட்டால் "படிக்கத்தான் வச்சிருக்கேன்" என்பாள். எட்டிப் பார்த்தால் அரட்டை, இல்லாவிட்டால் வீடியோ. மதிப்பெண் இறங்கிவிட்டது. ஒருமுறை பிடுங்கி வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசவே இல்லை. திருப்பிக் கொடுத்து, இரவு 9 மணிக்கு என்னிடம் தந்துவிட வேண்டும் என்றேன். அன்றிலிருந்து தினமும் 9 மணிக்குச் சண்டை. "நீ மட்டும் பாக்கலாமா?" என்கிறாள். போன வாரம் நள்ளிரவில் என் அலமாரியைத் திறந்து போனை எடுத்திருக்கிறாள். அவள் அப்பா, "உடைச்சுப் போடு" என்கிறார். இன்னும் கண்டிப்பதா, விட்டுவிடுவதா?

பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அலமாரி விஷயம் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் அதைத் திருட்டு என்று முடிவுகட்டி வைத்துவிடாதீர்கள். மாட்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்தே அவள் எடுத்திருக்கிறாள். அப்படியானால் அந்த நேரத்தில் அந்த போனுக்குள் அவளால் விட முடியாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத்தான் விதி போட்டிருக்கிறீர்கள். 9 மணி விதி நிற்காமல் போவதற்கு அதுவே முதல் காரணம்.

கண்டிப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. தாமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பிறகு ராஸ் கிரீன் என்பவர், எதற்கெடுத்தாலும் வெடித்துச் சிதறும் பிள்ளைகளோடு வேலை செய்து இதைத் தெளிவான மூன்று படிகளாக வகுத்தார். முதலில் பிள்ளையின் கவலை என்ன என்று கேட்டறிவது. அடுத்து பெரியவரின் கவலையைச் சொல்வது. மூன்றாவதாக, இரண்டு கவலையும் தீரும்படி ஒரு வழியைச் சேர்ந்து தேடுவது. சொல்வதற்கு எளிது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதல் படியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள், அங்கேயே எல்லாம் கெட்டுப்போகிறது. அதனால் முதல் படியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

"9 மணிக்கு போனைக் கொடு" என்பது தீர்வு. "கொடுக்க மாட்டேன்" என்பதும் தீர்வுதான். தினமும் இந்த இரண்டு தீர்வுகளும் முட்டிக்கொள்கின்றன. உங்கள் தீர்வுக்குப் பின்னால் ஒரு கவலை இருக்கிறது: அவள் தூக்கம், அவள் படிப்பு, அவள் உங்களிடம் மறைக்கிறாள் என்ற வேதனை. அவள் தீர்வுக்குப் பின்னாலும் ஒரு கவலை இருக்கிறது. தீர்வுகள் மோதினால் யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும். கவலைகளை அருகருகே வைத்தால் யாரும் தோற்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவை ஒன்றையொன்று மறுப்பதே இல்லை.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனுக்கு 16 வயது. கண்டிப்பவர் அப்பா, சமாதானம் செய்பவர் அம்மா. அங்கே சண்டை நேரம் இரவு பத்து. வைஃபையை நிறுத்திப் பார்த்தார்கள், பையன் மொபைல் டேட்டாவுக்கு மாறினான். டேட்டாவை நிறுத்தினார்கள், நண்பனின் பழைய போன் ஒன்று பைக்குள் வந்தது. பூட்டு பெரிதாகப் பெரிதாக, திறக்கும் கெட்டிக்காரத்தனமும் பெரிதானது.

அப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். ஒரு வாரம் எந்த விதியையும் மாற்றாமல், எந்த நேரத்தில், எந்தப் பாடத்தின் நடுவில் அவன் கை போனுக்குப் போகிறது என்று கவனியுங்கள். போனைத் திறந்து பார்க்க வேண்டாம், அவனை மட்டும் பாருங்கள். வாரக் கடைசியில் அவர் வியப்போடு சொன்னார்: "மொழிப் பாடம் படிக்கிறப்ப அரை மணி நேரம் போனைத் தொடவே இல்ல. இயற்பியல் எடுத்தா பத்து நிமிஷம் தாங்க மாட்டேங்கிறான்." அதுவரை அவர் "எப்பப் பாத்தாலும் போன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதும் இல்லை, சில நேரம்தான் என்று தெரிந்தாலே, அந்தச் சில நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க வாய் வரும்.

அடுத்தது பேச்சு. ஞாயிறு மாலை, சண்டைக்குச் சம்பந்தமில்லாத நேரம். எதிரெதிரே உட்கார வேண்டாம், சேர்ந்து நடந்துகொண்டே பேசுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசினால் விசாரணை போல இருக்கும், தோளோடு தோள் நடக்கும்போது வாய் திறக்கும். அரை மணிக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னேன்.

தொடங்கும் வாக்கியத்தை மட்டும் முன்கூட்டியே சேர்ந்து எழுதினோம். அப்பா முதலில் எழுதியது: "நீ போனுக்கு அடிமையாயிட்டே, அதான் மார்க் குறையுது, இதப் பத்திப் பேசணும்." இதில் கேள்வியே இல்லை, தீர்ப்பு இருக்கிறது. காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார், பையன் சொல்ல ஒன்றுமில்லை. திருத்தி எழுதியது: "இயற்பியல் வீட்டுப்பாடம் செய்யும்போது போனைத் தள்ளி வைக்கிறது உனக்குக் கஷ்டமா இருக்குன்னு கவனிச்சேன். என்ன ஆகுது அப்போ?" கண்ணால் பார்த்தது ஒன்று, அதற்கு ஒரு கேள்வி. அவ்வளவுதான். நீங்களும் இப்படி ஒரே ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். "உன் போன் பழக்கம்" என்று தொடங்கினால் அவளுக்கு எங்கிருந்து பதில் சொல்வது என்றே தெரியாது.

பையன் முதலில் சொன்னது, எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். "தெரியல." அப்பா நடந்துகொண்டே இருந்தார். இந்த இடத்தில் பேசாமல் இருப்பது பெரிய வேலை. பெற்றோர் அந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்பினால் கதவு மூடிக்கொள்ளும். சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார்: "மொழிப் பாடத்துக்கு அப்படி ஆகலையே, இதுக்கு மட்டும் என்ன வித்தியாசம்?"

"கணக்கு நின்னுடுதுப்பா."

"நின்னா?"

"அடுத்து என்ன செய்யணும்னு தெரியாது. அப்போ கை தானா போகுது. குரூப்ல யாராவது போட்டிருப்பாங்களான்னு பாக்கத்தான் எடுப்பேன். அப்புறம் வேற எங்கயோ போயிடும்."

"சரி. வேற ஏதாவது இருக்கா?"

இந்த "வேற ஏதாவது" என்பதை ஒருமுறை கேட்டு நிறுத்தாதீர்கள். முதலில் வருவது சொல்லத் தைரியம் உள்ள கவலை. கனமானது பின்னால் வரும். மூன்றாவது முறை கேட்டபோது பையன் சொன்னான்: ஒன்பதரைக்கு மேல்தான் நண்பர்கள் குழுவில் பேச்சு சூடுபிடிக்கும். அன்று அங்கே இல்லாதவன் மறுநாள் வகுப்பில் கேலிக்கு ஆளாவான். அது ஏற்கெனவே இரண்டு தடவை நடந்திருக்கிறது. அதற்கும் பிறகு, வீட்டு வாசல் வந்த பிறகு, ஒன்று சொன்னான்: "பதினோரு மணிக்கு மேலதான் என்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டீங்க."

அப்பா அந்த வாக்கியத்தை என்னிடம் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பள்ளி விட்டு வந்ததும் "எழுதினியா, படிச்சியா, எப்ப முடிப்பே" என்ற கேள்விகள். அவை இல்லாத ஒரே நேரத்தைப் பையன் தூக்கத்தை விற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

மூன்று கவலைகள் கிடைத்தன: கணக்கில் சிக்கிக்கொள்வது, நண்பர்களிடமிருந்து விலகிப்போகும் பயம், தனக்கென்று சிறிது நேரம். 9 மணிக்கோ 10 மணிக்கோ போனை வாங்கி வைப்பது இவற்றில் ஒன்றையும் தீர்க்காது. அதனால்தான் எந்தப் பூட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கேட்ட அன்றே தீர்வுக்குப் போக வேண்டும் என்று இல்லை. ஒருநாள் இடைவெளி விட்டால், கேட்டது தண்டிப்பதற்காக இல்லை என்று பிள்ளைக்கு நிச்சயமாகும்.

இரண்டாவது படியில் அப்பா தன் கவலையைச் சொன்னார். இங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம்: தீர்வு போல ஒலிக்கும் எதையும் சொல்லக் கூடாது. "நீ பத்து மணிக்குள்ள தூங்கணும்" என்பது கவலை இல்லை. அவர் சொன்னது: "காலைல நாலு தடவை எழுப்பியும் உன்னால எழுந்திரிக்க முடியல, அதப் பாக்க எனக்குப் பயமா இருக்கு. அரை மணி நேரத்துல முடியுற கணக்கு ரெண்டு மணி நேரம் இழுக்குது. பையில இன்னொரு போன் இருந்தப்ப, இனி நீ சொல்றத நம்பறதா வேண்டாமான்னு தவிச்சேன்." பையன் மறுக்கவில்லை. மறுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு தாளை நடுவில் மடித்து இடது பக்கம் அவன் மூன்று கவலைகள், வலது பக்கம் அப்பாவின் மூன்று என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு கீழே யோசனைகள். எழுதும்போது எதையும் விமர்சிக்கக் கூடாது என்பது விதி. அப்பா "போனே வேண்டாம்" என்று எழுதினார். பையன் "அப்பா என்னோட ரூமுக்கே வரக் கூடாது" என்று எழுதினான். இரண்டும் நிற்காது என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் எழுதிவிட வேண்டும். மனதில் உள்ளதைத் தாளில் பார்த்தபிறகுதான் அடுத்த யோசனை வரும். எல்லாம் எழுதி முடித்து, ஒவ்வொன்றுக்கும் இருவரும் தனித்தனியாகக் கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டார்கள். இரண்டு கூட்டல் விழுந்தவை மட்டும் மிஞ்சின.

மிஞ்சியவற்றைக் கோத்து ஓர் ஏற்பாடு உருவானது. மாலையில் 40 நிமிடம் படிப்பு, 15 நிமிடம் போன், மறுபடி 40 நிமிடம் படிப்பு. படிக்கும்போது போன் கூடத்தில் சார்ஜில் இருக்கும். கணக்கு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போவான். வட்டம் போட்டவற்றை இடைவேளையில் நண்பனை அழைத்துக் கேட்டுக்கொள்வான். இரண்டாவது 40 நிமிடமும் முடிந்த பிறகு, பத்தேகால் வரை நண்பர்கள் குழுவுக்கான நேரம். பத்தேகாலுக்கு வீட்டிலுள்ள எல்லா போன்களும், அப்பாவுடையது உட்பட, கூடத்துக்கு வரும். எழுப்புவதற்கு போன் அலாரம்தான் வேண்டும் என்று பையன் சொன்னதால் ஓர் அலாரக் கடிகாரம் வாங்கினார்கள். மாலை முழுக்க அப்பா "படிச்சியா" என்று கேட்க மாட்டார். பையன் குறித்துக்கொடுத்த நேரத்தில் ஒரே ஒருமுறை கேட்பார். பள்ளியிலிருந்து வந்ததும் முதல் முக்கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கடைசி இரண்டையும் பார்த்தீர்களா? அவற்றில் போன் வரவே இல்லை. ஆனால் "பதினோரு மணிக்கு மேலதான்" என்ற கவலைக்கு மருந்து அங்கேதான் இருந்தது.

முடிக்கும் முன் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: "இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" உங்கள் மகளிடமும் இதைத் தவறாமல் கேளுங்கள். பேச்சு எப்போது முடியும் என்று காத்திருக்கும் பிள்ளை எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று சொல்லிவிடும். அது ஒப்புதல் இல்லை, தப்பித்தல். "இடைவேளை 15 நிமிஷத்துல முடியறதுதான் கஷ்டம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது அந்த ஏற்பாட்டை மனதுக்குள் நடத்திப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். எதுவும் சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு வாரத்துக்கு மட்டும் என்று தேதி போட்டார்கள். அடுத்த ஞாயிறு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது, நடுவில் தவறினால் ஒருமுறை நினைவூட்டுவது, அதற்கு மேல் பேசாமல் ஞாயிற்றுக்குத் தள்ளிவைப்பது என்று முடிவானது. பறிமுதல் கிடையாது.

ஏழு நாளில் மூன்று நாள் ஏற்பாடு உடைந்தது. இதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் உடையும். உடைந்ததும் "பாத்தியா, பேசினா கேக்க மாட்டான்னு சொன்னேன்ல" என்று ஒரு பெரியவர் சொல்வார். அன்றோடு எல்லாம் முடிந்துவிடும். இந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து, அந்த மூன்று நாளும் எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்தது. மூன்று நாளும் ஒரே இடம்: இடைவேளை. நண்பனிடம் கணக்கு கேட்டு முடித்ததும் கை வீடியோவுக்குப் போயிருக்கிறது. ஓர் உரையாடலுக்கு முடிவு உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் குறும்வீடியோக்களுக்கு முடிவே கிடையாது, நிறுத்த வேண்டிய இடத்தை அது காட்டாது. பெரியவர்களுக்கே கஷ்டமான வேலையை 15 நிமிடத்தில் முடிக்கும்படி ஒரு பதினாறு வயதுப் பையனிடம் கேட்டிருந்தார்கள். பையனே திருத்தம் சொன்னான்: இடைவேளையில் அழைப்பும் அரட்டையும் மட்டும், வீடியோ படிப்பு முடிந்த பிறகு. நான்காவதாக ஒரு மீறலையும் அவன் எழுதிவைத்திருந்தான். ஒருநாள் பத்தரைக்கு அப்பா படுக்கையறையில் அலுவலக அழைப்பு எடுத்திருக்கிறார். அப்பா விளக்கம் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, அப்படிப்பட்ட அழைப்பைக் கூடத்திலேயே நின்று பேசுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அந்தத் தாள் பையனுக்கும் சொந்தமானது.

மதிப்பெண் உடனே ஏறிவிடவில்லை. முதலில் மாறியது காலை எழுவது. பிறகு இயற்பியலில் வட்டங்கள் குறையவே இல்லை என்று தெரிந்தது. அடிப்படைப் பாடங்கள் சில அவனுக்கு விளங்கியிருக்கவில்லை, ஆசிரியரிடம் பேச வேண்டியிருந்தது. போன் சண்டை ஓய்ந்திராவிட்டால் அது வெளியே வந்திருக்காது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

9 மணி என்பதை முதலில் மறுபரிசீலனை செய்யுங்கள். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு சிறு வயதில் இருந்ததைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. அவள் "தூக்கம் வரல" என்றால் பெரும்பாலும் உண்மைதான். அதே சமயம் 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. எனவே எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை 6.30-க்கு எழ வேண்டியவள் இரவு 10.15-க்குக் கண்ணை மூடினால் எட்டேகால் மணி நேரம் கிடைக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது என்றால், அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்: "தூக்கம் குறையறதுக்கு மட்டும் என்னால ஒத்துக்க முடியாது, அதுக்கு எப்படி வழி செய்யறதுங்கிறது நம்ம ரெண்டு பேரோட முடிவு." முன்பே முடிவெடுத்துவிட்டு, சேர்ந்து யோசிக்கிறோம் என்று நடிப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த முறை பேச வரவே மாட்டார்கள்.

மகளிடம் பேசும் முன் அவள் அப்பாவிடம் பேசுங்கள். "உடைச்சுப் போடு" என்பதும் ஒரு தீர்வுதான். அதற்குள் என்ன பயம் இருக்கிறது என்று அவரிடமும் அதே நிதானத்தோடு கேளுங்கள். அவர் இந்த முறையை முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஒரு மாதம் போனைப் பிடுங்குவதில்லை, உடைப்பதாக மிரட்டுவதில்லை என்ற அளவுக்கு ஒத்துக்கொண்டால் போதும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பிடுங்கினால், பேச்சு ஒரு பொறி என்று அவளுக்குத் தோன்றிவிடும்.

போனை எவ்வளவு நேரம் பார்த்தோம், எத்தனை தடவை திறந்தோம் என்று காட்டும் Digital Wellbeing அல்லது Screen Time என்ற பக்கம் போனிலேயே இருக்கும். அதை அவளுக்குத் தெரியாமல் பார்க்காதீர்கள். பேச்சு நன்றாகப் போனால் இருவரும் அவரவர் போனைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுடையதை முதலில் காட்டுங்கள். "நீ மட்டும் பாக்கலாமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அதுதான். மொத்த மணி நேரத்தைவிட, படிக்கும் நேரத்தில் எத்தனை தடவை போன் திறக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள். அரை நிமிடம் எட்டிப் பார்த்தாலும் விட்ட கணக்குக்குள் மறுபடி மனம் நுழைய நேரம் பிடிக்கும். இருபது தடவை எட்டிப் பார்த்த ஒரு மணி நேரம் உண்மையில் படிப்பாகவே இருந்திருக்காது. இதை நீங்கள் சொல்லி அவள் நம்புவதைவிட, எண்ணைப் பார்த்து அவளே சொன்னால் நிற்கும்.

அவள் "தெரியல" என்பதிலேயே நின்றுவிட்டால், விரல்களைப் பயன்படுத்துங்கள். "நான் சில ஊகங்கள் சொல்றேன். கொஞ்சங்கூட இல்லேன்னா விரலை மடக்கிக்கோ, முழுக்கச் சரின்னா அஞ்சு விரல் காட்டு" என்று சொல்லி, தோழிகளோடு ஏதாவது மனத்தாங்கலா, பாடம் புரியவில்லையா, சும்மா ஓய்வு வேண்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாயால் சொல்லாத பிள்ளைகள் விரலால் சொல்வார்கள். அவள் காட்டியதைத் திருத்தாதீர்கள்.

சில சமயங்களில் இந்த முறை போதாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். போன் ஒலித்தாலே அவள் முகம் வெளிறினால், செய்திகளை அவசரமாக அழித்தால், யாரோ படம் கேட்கிறார்கள், பணம் கேட்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், பேரம் பேசும் நேரம் அது இல்லை. "உன் மேல தப்பு தேட மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன், யாருன்னு மட்டும் சொல்லு" என்று சொல்லி உடனே உதவி தேடுங்கள். இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வீட்டில் சொல்லாததற்கு ஒரு காரணம், போன் போய்விடும் என்ற பயம். அதேபோல இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோர்ந்தே இருக்கிறாள், சாப்பாடும் சிரிப்பும் குறைந்துவிட்டது, பிடித்ததில்கூட ஈடுபாடு இல்லை என்றால் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றே போங்கள். மதிப்பெண் போன் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியதா என்று பழைய தேர்வுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். அப்படியானால் கவனக் குறைபாடோ கற்றல் சிரமமோ இருக்கலாம், போன் அதற்குப் பின்னால் வந்த புகலிடமாக இருக்கலாம்.

அலமாரியைப் பற்றி நீங்கள் அவளிடம் பேசித்தான் ஆக வேண்டும், பேசாமல் விட்டால் அது உங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடக்கும். இந்த வாரத்திலேயே சண்டை இல்லாத ஒரு மாலையில், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அன்னைக்கு ராத்திரி நீ போனை எடுத்தது எனக்குத் தெரியும். எனக்கு வருத்தமா இருந்துச்சு. ஆனா அதுக்காக உன்னைத் திட்ட வரல. அவ்ளோ ரிஸ்க் எடுத்து எடுத்திருக்கேன்னா, அன்னைக்கு அதுல என்னமோ முக்கியமா இருந்திருக்கணும். அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

அவள் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போகலாம். போகட்டும். "சரி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கேளுங்கள். அதுவரை 9 மணி விதியை நீங்களே நிறுத்திவைத்திருப்பதாக அவளிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சில நாள் அவள் அதிகமாகவே பார்ப்பாள். அதைப் பார்த்துப் பதறி விதியைத் திரும்பக் கொண்டுவந்துவிடாதீர்கள். எப்போது, எதற்கு நடுவில் பார்க்கிறாள் என்று மட்டும் கவனித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்கும் முதல் கேள்விக்கு அது வேண்டும்.